x = 1-இல் இரு பக்கமும் கீழே

அன்புள்ள ஐயா,

மேலூரில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். f(x) = (x² − 3x)/(x − 1)² வரையச் சொன்னால், x = 1-க்கு ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் போடுகிறார்கள். y = 1 கோட்டை வளைவரை தொடவே கூடாது என்கிறார்கள். புள்ளி வைத்து இணைத்தாலும் படம் சரியாக வரவில்லை. எந்த வரிசையில் சொல்லித் தரலாம்?
ம., மேலூர்

அன்புள்ள ம.,

புள்ளிகளைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். (0, 0), (2, −2) இரண்டையும் குறித்த பிள்ளை, நடுவில் x = 1-இல் சார்புக்கு மதிப்பே இல்லை என்பதை மறந்து கோடு இழுத்துவிடும். தொடங்க வேண்டிய இடம் சார்பகத்தின் ஓரங்கள். இங்கே ஓரங்கள் நான்கு: இடக்கோடி, 1-க்குச் சற்று இடப்புறம், சற்று வலப்புறம், வலக்கோடி.

x = 1-ஐ முதலில் பாருங்கள். தொகுதி −2-ஐ நெருங்குகிறது. பகுதி வர்க்கம் என்பதால் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மிகச் சிறிய மிகை எண். ஆகவே இரு பக்கமும் எல்லை −∞. கோட்டின் இருபுறமும் கீழ்நோக்கி ஒவ்வொரு சிறு கீற்று போடச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. தொகுதி x² − x ஆக இருந்தால் ஒரு (x − 1) அடிபட்டு x/(x − 1) மிஞ்சும். அங்கே படி ஒற்றை, குறி மாறும், அவர்கள் போடுவதே சரி. அடிபடுவதை அடித்த பிறகு மிஞ்சும் படி ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

இரு கோடிகளிலும் எல்லை 1. அதோடு நிறுத்தினால் கோட்டுக்கு மேலா கீழா என்பது தெரியாது. கழித்துப் பார்க்க வேண்டும்:

f(x) − 1 = −(x + 1)/(x − 1)²

இந்த ஒரு வரி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இடக்கோடியில் இது மிகை, வளைவரை கோட்டுக்கு மேலே. வலக்கோடியில் குறை, கீழே. x = −1-இல் சுழி, அதாவது வளைவரை தொலைத்தொடுகோட்டை அங்கே வெட்டியே செல்கிறது. கிடைமட்டத் தொலைத்தொடுகோடு கோடிகளில் நடப்பதை மட்டுமே கட்டுப்படுத்தும், நடுவில் வெட்டத் தடையில்லை.

இனி f-இன் குறி. சுழிகள் 0, 3. x < 0 என்றால் மிகை, 0-க்கும் 3-க்கும் இடையில் (1 நீங்கலாக) குறை, அப்புறம் மிகை. கீற்றுகளை இதன்படி இணைத்தால் படம் ஏறக்குறைய முடிந்தது.

ஒன்று பாக்கி. இடக்கோடியில் 1-க்கு மேலிருந்து கிளம்பி x = −1-இல் மீண்டும் 1-க்கு வருவதால், இடையில் ஒரு மேடு இருந்தே தீரும். f′(x) = (x + 3)/(x − 1)³ அதை x = −3-இல் காட்டுகிறது; உயரம் 9/8. கோட்டுக்கு மேல் 1/8 மட்டுமே. 1 செ.மீ. = 1 அலகு என்று எடுத்தால் கிராப் தாளில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம், பென்சில் தடிமனில் மறைந்துவிடும். x = −2, −3, −4-இல் மதிப்புகள் 1.11, 1.125, 1.12 என்று வருவதால் புள்ளி வைப்பவர்கள் நேர்கோடு என்றே நினைப்பார்கள். மேட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி வரைந்து, பக்கத்தில் (−3, 9/8) என்று எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கம் நீண்டு சரிய வேண்டும், வலப்பக்கம் செங்குத்தாக இறங்க வேண்டும். சமச்சீராகப் போட்டால் தவறு.