பூக்காரம்மாவின் மூன்று ரூபாய்

அன்புள்ள ஐயா,

நடத்துநர் ஒருவர் ஓய்வு பெறும் நாளைப் பற்றிய தங்கள் சிறுகதையைப் படித்தேன். பல ஆண்டுகளாகத் தினமும் பார்த்த பூக்காரம்மாவிடம் கடைசி நாளிலாவது அவர் டிக்கெட் காசு வாங்காமல் விட்டிருக்கலாம். எதிரே நிற்கும் தெரிந்த முகங்களோடு நாலு வார்த்தை பேசாமல் தாளில் எண்களை எழுதிக்கொண்டே இருக்கிறார். முன்பாதியில் அவரைச் சுற்றிச் சுற்றி வந்த பள்ளிப் பிள்ளைகள் கடைசி நாளில் எங்கே போனார்கள்? அவரிடம் தாங்கள் ஏன் இவ்வளவு கடுமையாக இருந்தீர்கள்?

– ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். கதையின் கடைசி நாள் 2019 மே 31, வெள்ளிக்கிழமை. பள்ளிகள் ஜூன் 3 அன்றுதான் திறந்தன. குழந்தைக்கு ஜூனில் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமை ஆசிரியரே மே மாதத்தில் ஒரு பிறந்த தேதியைப் போட்டு எழுதிக்கொண்ட காலத்தில் பள்ளியில் சேர்ந்தவர்கள் நடத்துநரின் தலைமுறையினர். அதனால்தான் அந்தத் தலைமுறையில் ஏராளமானோர் மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார்கள், இலவசப் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் பேருந்தில் இல்லாத மாதத்தில். இதை நான் கதையில் சொல்லாமல் விட்டேன். தேதியை மட்டும் டிக்கெட் கணக்குத்தாளின் மேல்வரியில் வைத்தேன். அது போதவில்லை என்பது தங்கள் கடிதத்தால் தெரிகிறது.

ஆண்டையும் யோசித்தே தேர்ந்தேன். அப்போது ஓய்வு வயது 58. நடத்துநர் ஓராண்டு பிந்திப் பிறந்திருந்தால் 2020இல் 59, 2021இல் 60 என்று வயது உயர்ந்து, 2022 வரை பணியில் இருந்திருப்பார். ஆனால் 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாகிவிட்டது. பூக்காரம்மாவுக்கு அது பெரிய நன்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கதைக்கோ அவர் நீட்டும் பத்து ரூபாய்த் தாளும், டிக்கெட்டின் பின்புறம் நடத்துநர் பேனாவால் எழுதித் தரும் பாக்கி மூன்று ரூபாயும் வேண்டியிருந்தன. அந்த இருவரும் பத்தாண்டுகளில் பேசிக்கொண்டதெல்லாம் அந்தப் பாக்கியைப் பற்றித்தான்.

அவர் எழுதிக்கொண்டிருந்த தாளை நடத்துநர்கள் இன்வாய்ஸ் என்பார்கள். அப்போது ஒவ்வொரு கட்டண டிக்கெட்டுக்கும் தனிக்கட்டு இருந்தது. ஒவ்வொரு ஸ்டேஜ் வரும்போதும் கட்டுகளின் மேலே இருக்கும் டிக்கெட்டின் எண்ணை அந்தத் தாளில் பதிய வேண்டியிருந்தது. இதைக் குளோசிங் போடுவது என்பார்கள். வழியில் ஏறும் பரிசோதகர் அந்த எண்களைக் கழித்துப் பார்த்தால், எந்த ஸ்டேஜிலிருந்து எத்தனை டிக்கெட் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு தலைகளை எண்ணுவார். ஒரு தலை கூடினாலும் விளக்கம் சொல்ல வேண்டியவர் நடத்துநர். அன்பினால் விட்டேன் என்று எழுதிக் கொடுக்க அந்தத் தாளில் இடம் கிடையாது. ஓய்வுக்குச் சில மணி நேரம் இருக்கும்போது ஒரு குற்றச்சாட்டு எழுந்தால் வரவேண்டிய பணம் எத்தனை மாதம் இழுபடுமோ என்ற பயம் எந்தத் தொழிலாளிக்கும் இருக்கும். எனவே அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தது கடுமையால் அல்ல. இன்னொன்று, பூக்காரம்மாவும் இலவசத்தை ஏற்றிருக்க மாட்டார். கூடைக்குரிய லக்கேஜ் டிக்கெட்டைக் கேட்டு வாங்குகிற பெண் அவர்.

நாலு வார்த்தை பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கமாக "இறங்கும்போது வாங்கிக்கங்கம்மா" என்று பாக்கியைத் தள்ளிப்போடுகிறவர், அன்று மட்டும் ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சில்லறையைக் கையில் வைத்துவிட்டு நகர்கிறார். இதற்குத் தொழில் காரணமும் உண்டு. பணி தொடங்கும்போது சொந்தப் பணம் எவ்வளவு என்று குறித்துவிட வேண்டும். அதற்கும் டிக்கெட் தொகைக்கும் மேலே பையில் ஒரு ரூபாய் மிஞ்சினாலும் கேள்வி வரும். பயணிகளும் அதைக் கவனிக்கிறார்கள். பூக்காரம்மா, "நாளைக்குக் குடுங்களேன், எங்க போயிடப் போறீங்க?" என்கிறார். நடத்துநர் பதில் சொல்லாமல் விசில் ஊதுகிறார். அந்த இடத்தில் ஒரு வசனம் எழுதியிருந்தேன், அச்சுக்கு முன் அடித்துவிட்டேன்.

டெப்போவில் சக தொழிலாளர்கள் மாலை போட்டு வீடுவரை கொண்டுபோய் விடும் காட்சியையும் எழுதி நீக்கினேன். அது நடப்பதுதான், ஆனால் அதில் பயணிகள் இருப்பதில்லை, என் கதை பயணிகளைப் பற்றியது.

ஒரு பிழையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தையல் கடைக்காரர் இரண்டு ரூபாய் பாக்கியை வாங்காமல் இறங்கிவிட்ட பிறகு, நடத்துநர் அந்தக் காசை ஓட்டுநரிடம் கொடுத்து, "நாளைக்கு ஏழேகால் வண்டியில நீலச்சட்டை போட்டு ஒருத்தர் வருவார்" என்கிறார். தினமும் ஒருவர் நீலச்சட்டையே போட்டுக்கொண்டு வருவாரா என்று ஒரு நண்பர் கேட்டார். நூலாக வரும்போது, "கழுத்துல அளவு டேப்பு தொங்கும்" என்று மாற்றிவிடுவேன்.