மூன்று வருடம் என்று போட்டிருக்கிறார்களே

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்து ஒன்றரை வருடமாக ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி விளம்பரம் பார்த்தேன். “அக்கவுண்டன்ட் தேவை. பி.காம்., 3 முதல் 5 வருட அனுபவம். டேலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ் தெரிந்திருக்க வேண்டும். பைனலைசேஷன் வரை தனியாகக் கையாள வேண்டும். ஈ-வே பில் தெரிந்தால் நல்லது. உடனே சேர்பவர்களுக்கு முன்னுரிமை. டூவீலர் அவசியம்.” மூன்று வருடம் எனக்கு இல்லை. போடலாமா, வேண்டாமா?

ஒரு வாசகி, பொள்ளாச்சி

*

அன்புள்ள வாசகிக்கு,

எழுத வருவதற்கு முன்னால் பல வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். இந்த மாதிரி விளம்பரங்களை நானே எழுதியிருக்கிறேன். ஒரு முறை முதலாளியிடம் எத்தனை வருட அனுபவம் போடலாம் என்று கேட்டேன். “போன பையன் எத்தனை வருஷம் இருந்தான்?” என்றார். மூன்று என்றேன். “அப்ப மூணு போடு.” உங்களைப் பயமுறுத்தும் எண் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

அதனால் வருடத்தை விடுங்கள், வேலையைப் பாருங்கள். ஏழாம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனி என்றால் பதினொன்றில் GSTR-1, இருபதில் GSTR-3B. நடுவில் GSTR-2B-யை இறக்கிக் கொள்முதல் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, பில் ஏற்றாத சப்ளையரைத் துரத்த வேண்டும். ஆடிட்டர் ஆபீசில் இதை ஒரு கம்பெனிக்கு மட்டுமா செய்திருப்பீர்கள்? பத்துப் பதினைந்து கட்சிக்காரர்களுக்குச் செய்திருந்தால், ஒரே கம்பெனியில் மூன்று வருடம் இருந்தவரைவிட நீங்கள் கூடுதல் கோளாறுகளைப் பார்த்திருப்பீர்கள். விண்ணப்பத்தில் ‘ஒன்றரை வருட அனுபவம்’ என்று மட்டும் எழுதாமல் இந்தக் கணக்கையும் எழுதுங்கள்.

நீங்கள் நின்று படிக்க வேண்டிய வரி வேறு: “பைனலைசேஷன் வரை தனியாக.” அதாவது வருடக் கடைசியில் டிரையல் பேலன்சைக் கையில் எடுத்து, இருப்புச் சரக்குக்கு மதிப்புப் போட்டு, தேய்மானம் எழுதி, மார்ச் மாதக் கரண்ட் பில் மாதிரி கொடுக்க வேண்டிய பாக்கிகளைச் சேர்த்து, லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் தயாராக ஆடிட்டர் மேஜைக்கு அனுப்புவது. ‘தனியாக’ என்றால் சந்தேகம் கேட்க அங்கே சீனியர் இல்லை என்று அர்த்தம். இதில் நீங்கள் செய்தது எவ்வளவு, பக்கத்து மேஜையில் பார்த்தது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஒரு சிறு கட்சிக்காரரின் போன வருடக் கணக்கை, முடித்த பிரதியைப் பார்க்காமல் டிரையல் பேலன்சிலிருந்து நீங்களாக முடித்துப் பாருங்கள். பிறகு அதோடு ஒப்பிடுங்கள். சரக்கிலும் தேய்மானத்திலும் மட்டும் சறுக்கினால், தைரியமாகப் போடலாம். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்றால் இந்த வேலை இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. அதற்கும் மூன்று வருடத்துக்கும் சம்பந்தமில்லை.

‘தெரிந்தால் நல்லது’ என்ற வரிக்காக யாரும் ஒதுங்க வேண்டாம். ஈ-வே பில் போடுவது ஓரிரு நாளில் பழகிவிடும். ‘டூவீலர் அவசியம்’ என்பது நீங்கள் ஆபீஸ் வந்து சேர்வதற்காக இல்லை. பேங்குக்கும், சில இடங்களில் வசூலுக்கும் அனுப்புவார்கள். வண்டி ஓட்டத் தெரியாது என்றால் முன்பே சொல்லிவிடுவது மேல்.

ஒன்று சொல்ல மறந்தேன். இந்தத் தாராளமெல்லாம் தனியார் விளம்பரத்துக்கு மட்டும்தான். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையை எழுத்துக்கு எழுத்து படிக்க வேண்டும். அறிவிக்கை வந்த தேதியில் கல்வித் தகுதி கையில் இருக்க வேண்டும் என்றால் இருக்க வேண்டும். பரீட்சை எழுதிவிட்டேன், ரிசல்ட் அடுத்த வாரம் என்பது அங்கே செல்லாது.

அப்புறம், ‘உடனே சேர்பவர்’. முந்தையவர் போய்விட்டார், அல்லது போகப் போகிறார். ஒரு கம்பெனியில் இதே வரியைப் பார்த்துத்தான் நானும் சேர்ந்தேன். நான்கு மாத ரிட்டர்ன் பாக்கி, பில்கள் ஒரு சாக்குப் பையில். முதல் இரண்டு மாதம் புதுக் கணக்கு ஒன்றுகூட எழுதவில்லை. அதனால் நேர்காணலில் அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள்: “சார், 3B எந்த மாசம் வரைக்கும் போட்டிருக்கு?” பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்றும் பாருங்கள்.