சாட்பாட் பதிலுக்கு மார்க் போட இன்னொரு AI மாடலை நம்பலாமா?

ஓரளவு நம்பலாம், சில சோதனைகளுக்குப் பிறகு.

தானியங்கி மதிப்பெண் என்பது பெரும்பாலும் மாதிரி விடையோடு சொற்களை ஒப்பிட்டு எண்ணுவது. "காலாவதியான மாத்திரையைச் சாப்பிடலாமா?" என்ற கேள்விக்கு மாதிரி விடை "காலாவதியான மாத்திரையைச் சாப்பிடக் கூடாது" என்று வைத்துக்கொள்ளுங்கள். "காலாவதியான மாத்திரையைச் சாப்பிடலாம்" என்ற ஆபத்தான பதிலுக்கு இரண்டு சொற்கள் பொருந்திவிடும். "வேண்டாம், தூக்கிப் போடுங்கள்" என்ற சரியான பதிலுக்குப் பூஜ்யம்! மனிதர் படித்தால் உடனே பிடித்துவிடுவார். ஆனால் நேரமும் பணமும் ஆகும்.

அதனால்தான் மாடலையே நடுவராக்குகிறார்கள். அதற்கும் சாய்வு உண்டு. பக்கம் பக்கமாக எழுதிய விடைத்தாளுக்கு மார்க்கை அள்ளிப் போடும் வாத்தியாரைப் போல, நீளமான பதிலிடம் மயங்கும். தன் நடையிலேயே எழுதியதை உயர்த்தும். இரண்டு பதில்களில் முதலில் காட்டியதையே தேர்ந்தெடுப்பதும் அடிக்கடி நடக்கும்.

இந்தக் கடைசிச் சாய்வைக் கண்டுபிடிப்பது எளிது. வரிசையை மாற்றி மறுபடி கேளுங்கள். தீர்ப்பு புரண்டால் அதைச் சமன் என்றே எழுதுங்கள். கூடவே ஐம்பது பதில்களையாவது, எது எந்த மாடலுடையது என்று தெரியாமல் மனிதர்கள் மதிப்பிட்டு, நடுவரோடு எத்தனை ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

அதே வரிசையில் நூறு முறை கேட்டுச் சராசரி எடுத்தால் சாய்வு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது, நூறு முறையும் அது ஒரே பக்கம்தான் சாயும்.