நிலைத்த பின் மின்தேக்கியில் எத்தனை வோல்ட்?

காட்பாடி மாணவி: 10 கிலோஓம், 0.1 மைக்ரோபாரட். 5 வோல்ட் துடிப்பு 0.5 மில்லி விநாடி இருக்கிறது, அடுத்த 1.5 மில்லி விநாடி சுழியம். நிலைத்த பின் சிற்றலையும் சராசரியும் எவ்வளவு ஐயா?

முதல் துடிப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கணக்கிட வேண்டியதில்லை. நிலைத்த பின் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மின்தேக்கி தான் தொடங்கிய மின்னழுத்தத்துக்கே திரும்புகிறது என்பது ஒன்றே போதும். நேர மாறிலி 1 மில்லி விநாடி என்பதால்,

```
Vmin = Vmax · e^(-1.5)
Vmax = 5 − (5 − Vmin) · e^(-0.5)
```

இவற்றைத் தீர்த்தால் உச்சம் 2.28, தாழ்வு 0.51, சிற்றலை 1.77 வோல்ட். சராசரிக்கு அடுக்குக்குறிக் கணக்கே தேவையில்லை. ஒரு சுற்றில் மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டம் முழுவதும் வெளியேறிவிடுவதால் மின்தடையின் சராசரி மின்னோட்டம் சுழியம். ஆகவே மூலத்தின் சராசரியான 1.25 வோல்ட்தான் மின்தேக்கியின் சராசரியும்.

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற தொழில்நுட்பர்: உச்சத்தையும் தாழ்வையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1.39 வருகிறதே, அதுதானே சராசரி?

ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமமாக இருந்தாலோ, கோடுகள் நேராகத் தோன்றும் அளவுக்குச் சிற்றலை சிறியதாக இருந்தாலோ உங்கள் வழி சரியே. இங்கே இறங்கு வளைவு நெடுநேரம் அடிப்பகுதியில் தங்குவதால் சராசரி நடுப்புள்ளிக்குக் கீழே போகிறது.

ஆம்பூர் மாணவர்: மின்தேக்கியை 1 மைக்ரோபாரட் ஆக்கினால் சராசரி கூடுமா?

கூடாது, காரணம் மேலே இருக்கிறது. சிற்றலை ஏறத்தாழ 0.19 வோல்ட்டாகக் குறையும், நிலைபெற 50 மில்லி விநாடி ஆகும்.

வாணியம்பாடி: இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே கணக்கா?

இல்லை. பேட்டரி அறிந்தவரிடம் கேளுங்கள்.

குடியாத்தம், பட்டறைக்காரர்: எனக்கு 0.7 வோல்ட்தான் வருகிறது சார். அதே துடிப்பு, அதே 10 கிலோஓம், மின்தேக்கி மட்டும் 10 மைக்ரோபாரட். அதை மாற்றியும் பார்த்துவிட்டேன். துடிப்பை டிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்து எடுக்கிறேன். கலெக்டருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் இன்னொரு 10 கிலோஓம்.

மின்தேக்கியில் குறையில்லை. நான் எப்போதும் எச்சரிப்பது இதைத்தான்: ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒரே மின்தடையா என்று முதலில் பாருங்கள். டிரான்சிஸ்டர் கடத்தாதபோது மின்னோட்டம் 20 கிலோஓம் வழியாக ஏறுகிறது, கடத்தும்போது 10 கிலோஓம் வழியாக இறங்குகிறது. சிற்றலை சிறியது என்பதால் இரண்டையும் சமன்செய்தால் போதும்:

```
(5 − v) · 0.25/20 = v · 0.75/10
```

v = 0.71 வோல்ட். மின்தேக்கிக்கு மின்னோட்டம் போகும்போது கலெக்டர் 5 வோல்ட்டை எட்டுவதே இல்லை. மூலத்தின் சராசரியை 1.25 என்று நீங்கள் எடுத்துக்கொண்டதே பிழை.

ராணிப்பேட்டை: நான் உடன்படவில்லை. அது மீட்டர் இழுக்கும் சுமை.

10 மெகாஓம் டிஜிட்டல் மீட்டர் அவ்வளவு இழுக்காது. வோல்ட்டுக்கு 20 கிலோஓம் உள்ள முள் மீட்டரை 2.5 வோல்ட் அளவில் வைத்தால் 50 கிலோஓம் சுமைதான்; ஆனால் அப்போது 0.58 காட்டியிருக்கும். அவர் எந்த மீட்டரில் அளந்தார் என்பதைக் குடியாத்தம் நண்பர் சொல்லட்டும்.