பூஞ்சை பிடித்த நிலக்கடலையைச் செக்கில் ஆட்டலாமா?

"ஒரு மூட்டை நிலக்கடலைப் பருப்பில் அங்கங்கே பச்சைப் பூஞ்சை. கழுவிக் காயவைத்துச் செக்கில் கொடுக்கலாமா?"

வேண்டாம். கழுவினால் பூஞ்சைதான் போகும், அது விட்டுச்சென்ற அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு பருப்புக்குள்ளேயே இருக்கும். வெயிலோ வறுப்போ அதை முழுதாக அழிக்காது. செக்கெண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை என்பதால் கொஞ்சம் எண்ணெயில் வரும், பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும். அதை மாட்டுக்கு வைத்தால் பாலிலும் வரும்.

உடைக்கும்போது காய்மேல் தண்ணீர் தெளித்தார்களா என்று விசாரியுங்கள். பருப்பு நொறுங்காமல் இருக்கப் பல இடங்களில் அப்படிச் செய்வார்கள். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் இதுதான் கதி.

பூஞ்சை மூட்டை முழுக்கப் பரவியிருந்தால் மொத்தத்தையும் கழித்துவிடுங்கள். ஒரு மூலையில் மட்டும் என்றால், மீதியை வெள்ளைத் துணியில் பரப்பிக் கையால் பொறுக்குங்கள். பூஞ்சை, சுருங்கல், நிறம் மாறியது, பூச்சி துளைத்தது, உடைசல் எல்லாம் வெளியே. நஞ்சு பெரும்பாலும் சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும், அதனால் பொறுக்குவது வீண்வேலை இல்லை. சந்தேகமான பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். சிலசமயம் பூஞ்சை நடு இடுக்கில் ஒளிந்திருக்கும். பொறுக்கியதை மாட்டுக்கோ கோழிக்கோ போடாதீர்கள், புதைத்துவிடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்தமுறை காயாகவே வையுங்கள். காதருகே குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும், உள்ளே பருப்பைத் தேய்த்தால் தோல் உரியவேண்டும். அப்புறம் சணல் சாக்கில் கட்டி, சுவரை ஒட்டாமல் பலகைமேல் அடுக்குங்கள்.

ஒன்று: பார்க்கச் சுத்தமான பருப்பிலும் நஞ்சு இருக்கலாம். விற்பனைக்கு ஆட்டுவதானால் ஆய்வகத்தில் சோதிக்காமல் கொடுக்காதீர்கள்.