பக்கத்துப் படுக்கைக்கு 1 கிராம், இவருக்கு ஏன் 4 கிராம்?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது, அப்புறம் மூளைக்காய்ச்சல் ஆகிவிட்டது. நிமோகாக்கஸ் கிருமி என்றார்கள். செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் காலையும் இரவும் ஏறுகிறது. இன்று ஐந்தாம் நாள். காய்ச்சல் இல்லை, நன்றாகப் பேசுகிறார். அதே கிருமியால் நிமோனியா வந்தவருக்குத் தினம் 1 கிராம்தான் போட்டார்கள். ஐந்தே நாளில் செஃபிக்சிம் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாங்களும் அப்படிக் கேட்கலாமா? ரிப்போர்ட்டில் பெனிசிலினுக்கு ஒரு வரியில் S, அடுத்த வரியில் R என்று இருக்கிறது. எது சரி?

பதில்: S என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், R என்றால் அடங்காது. இரண்டு வரியும் சரி. டோஸைக் குறைக்கவோ மாத்திரைக்கு மாற்றவோ கேட்க வேண்டாம்.

நுரையீரலில் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவர்களில் இடைவெளி உண்டு. மருந்து அதன் வழியே கசிந்து கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்விடும். மூளையில் அந்தச் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருக்கின்றன. மருந்து செல்லின் கொழுப்புச் சவ்வையே கடந்தாக வேண்டும். சிறிய மூலக்கூறாக, கொழுப்பில் கரைவதாக, ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளாததாக இருந்தால் கடந்துவிடும். பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன் வகையறா நீரில் கரைபவை, மின்னூட்டம் உள்ளவை. போதாததற்கு, உள்ளே நுழைந்த பெனிசிலினைத் திரும்ப ரத்தத்துக்கே இறைத்துவிடும் புரதங்களும் மூளையில் இருக்கின்றன.

உங்கள் கணவரின் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 2 கிராம் செஃப்ட்ரியாக்சோன் ஏறியதும் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 250 மைக்ரோகிராம் வரை வரும். அதில் பத்தில் ஒன்பது பங்கு புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும். மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றியுள்ள நீருக்குள் மொத்தத்தில் 2 சதவீதம் போகிறது என்று வைத்தால், 5 மைக்ரோகிராம். அவர் கிருமி 0.25 மைக்ரோகிராமில் வளர்ச்சி நிற்கும் ரகம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 5 என்பது ஏராளமாகத் தெரியும். ஆனால் அந்த நீரில் கிருமியைக் கொல்ல உதவும் எதிர்ப்புப் புரதங்கள் மிகக் குறைவு. கொல்லும் வேலை முழுக்க மருந்தின் தலையில்தான். அதனால் அந்த 0.25-ஐப் போலக் குறைந்தது பத்து மடங்கு, அதாவது 2.5, வேண்டும். தினம் ஒரு முறை 1 கிராம் போட்டால் உச்சத்திலேயே ஏறக்குறைய அவ்வளவுதான்; அடுத்த ஊசிக்குள் அதற்கும் கீழே போய்விடும். செஃபிக்சிம் 200 மில்லிகிராம் மாத்திரையில் ரத்தத்திலேயே 2 மைக்ரோகிராம் அளவுதான் ஏறும். அதில் சில சதவீதம் என்றால் என்ன மிஞ்சும்? நுரையீரலுக்கு அது போதலாம், மூளைக்குப் போதாது.

காய்ச்சல் விட்டதே என்பது குடும்பத்தார் எல்லோரும் கேட்பது. அழற்சி உள்ளபோது மூளை ரத்தக்குழாய்ச் சுவரின் ஒட்டு தளர்கிறது, அதனால்தான் இந்த மருந்துகள் ஓரளவாவது உள்ளே போகின்றன. குணமாக ஆக ஒட்டு மறுபடி இறுகும், மருந்தின் வரத்தும் குறையும். ஆகவே தேறிவரும் நேரத்தில்தான் டோஸைக் குறைக்கவே கூடாது. நிமோகாக்கஸுக்கு 10 முதல் 14 நாள், கடைசி ஊசி வரை முழு அளவு.

இப்போது ரிப்போர்ட். S வரியின் பக்கத்தில் நான்-மெனிஞ்சைட்டிஸ் என்றும், R வரியின் பக்கத்தில் மெனிஞ்சைட்டிஸ், அதாவது மூளைக்காய்ச்சல், என்றும் இருக்கும், பாருங்கள். ஊசியில் போடும் பெனிசிலினுக்கு, நிமோனியாவில் 2 மைக்ரோகிராம் வரை அடங்கும் கிருமி S. மூளைக்காய்ச்சலில் 0.06 தாண்டினாலே R. கிருமி ஒன்றுதான், மருந்து எந்த இடத்துக்கு எவ்வளவு போகும் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது. உங்களுக்குப் பொருந்துவது மெனிஞ்சைட்டிஸ் வரி. அதே வரியில் செஃப்ட்ரியாக்சோனுக்கு S இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த முடிவு வரும்வரை வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்துப் போடுவது வழக்கம். S என்று வந்ததும் அதை நிறுத்துவார்கள். வான்கோமைசின் பெரிய மூலக்கூறு, உள்ளே போவது குறைவு. வீக்கம் குறைக்கும் டெக்ஸாமெதசோன் சேரும்போது இன்னும் குறையலாம் என்பதால், வான்கோமைசின் அளவில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

மாத்திரை என்றாலே மூளைக்கு எட்டாது என்றும் இல்லை. காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு மாத்திரையே கொடுக்கிறோம். அதில் ஒன்றான ஐசோனியசிட் சிறிய மூலக்கூறு, புரதத்தில் அவ்வளவாக ஒட்டாது, தாராளமாக உள்ளே போகும். ஆனால் அது நிமோகாக்கஸைத் தொடாது. உள்ளே போவது, அந்தக் கிருமியைக் கொல்வது, இரண்டும் ஒரே மருந்தில் அமைய வேண்டும்.

வீட்டுக்குப் போவது வேறு, ஊசியை நிறுத்துவது வேறு. முதல் ஒரு வாரம் சுகமாகக் கடந்து, காய்ச்சலும் வலிப்பும் இல்லை என்றால், தினமும் வந்து ஊசி போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். தலைவலி, வாந்தி, குழப்பம், மறுபடி காய்ச்சல் வந்தால் உடனே திரும்ப வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவர் அந்தக் காதைப் பார்க்கட்டும். சீழ் அங்கேயே இருந்தால் கிருமி திரும்ப வரும். கேட்கும் திறன் சோதனையையும் அப்போதே செய்துவிடுங்கள். இந்தக் கிருமி உள்காதைக் கெடுத்திருந்தால் சில வாரங்களிலேயே அங்கே எலும்பு வளரத் தொடங்கலாம். பிறகு காது கேட்க உதவும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்துவது கடினமாகிவிடும்.