காலண்டரில் கூடிய கணக்கு

கேள்வி: வணக்கம் டாக்டர். மேலூர் பக்கம் எங்கள் ஊர்ச் சாவடியில் 60 வயதுக்கு மேற்பட்ட 40 பேருக்கு விழாமல் இருக்கப் பயிற்சி நடக்கிறது. சேரும்போது கேட்டதில், போன வருஷம் எல்லாரும் சேர்ந்து 12 தடவை விழுந்ததாகச் சொன்னார்கள். அப்புறம் விழும் நாளைக் காலண்டரில் குறிக்கச் சொன்னார்கள். ஆறே மாதத்தில் 14! அதில் 5 என் அம்மா. வயது 72, பிரஷர், சுகர் உண்டு. தூக்க மாத்திரையும் போடுகிறார். ஐந்து தடவையும் விடியக்காலையில் எழுந்தபோதுதான் விழுந்தார். வகுப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். அந்த 14-ஐயும் 12-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

வருடக் கணக்குக்கு மாற்றினால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். முன்பு 100 பேருக்கு வருடம் 30 தடவை, இப்போது 70. ஆனால் முதல் எண் ஞாபகத்திலிருந்து வந்தது, இரண்டாவது அன்றன்றைக்கு எழுதியது. அடிபடாமல் விழுந்ததை யாரும் ஒரு வருஷம் நினைவில் வைத்திருப்பதில்லை. சிலர் அதை விழுந்ததாகவே எடுத்துக்கொள்வதும் இல்லை. கையில் மாவுக்கட்டோடு வந்த ஒரு பாட்டி என்னிடம், "விழவெல்லாம் இல்ல டாக்டர், மாடு இழுத்துருச்சு" என்றார். எங்கள் கணக்கில், நினைக்காமல் தரைக்கு வந்துவிட்டால் அது விழுந்ததுதான். வழுக்கி உட்கார்ந்துவிட்டாலும் சேர்த்தி. ஆய்வுகளில் இதனால்தான் மாதாந்திரக் காலண்டர் கொடுத்து, அது திரும்பி வராவிட்டால் போன் போட்டுக் கேட்கிறார்கள்.

இன்னொன்று, எத்தனை தடவை விழுந்தார்கள் என்பது வேறு, எத்தனை பேர் விழுந்தார்கள் என்பது வேறு. உங்கள் அம்மா ஒருவரே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணை ஏற்றிவிட்டார். இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். எலும்பு முறிந்தது, தலையில் அடிபட்டது போன்றவற்றை மூன்றாவதாகத் தனியே எழுதுங்கள்.

வகுப்பு பலன் தருகிறதா என்று பார்க்க, பக்கத்து ஊரில் அதே வயதுக்காரர்களுக்கும் அதே காலண்டரை இப்போதே கொடுங்கள். அங்கே வகுப்பை ஆறு மாதம் கழித்துத் தொடங்குங்கள். அப்போதும் 40 பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில், உடற்பயிற்சியால் விழும் தடவைகள் சுமார் 23 சதவீதம் குறைந்தன. அந்த அளவு மாற்றம் கண்ணுக்குத் தெரிய சில நூறு பேராவது வேண்டும். உங்களிடம் இருக்கும் 40 பேரை வைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார்கிறார்கள் என்று எண்ணலாம். கால் வலு கூடியதா என்பது அதில் தெரியும். விழுவது குறைந்ததா என்பது தெரியாது.

வகுப்பில் என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டுவதும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நின்றபடி, சமநிலை கொஞ்சம் தடுமாறும் அளவுக்குப் பயிற்சி இருக்க வேண்டும். ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைத்து நிற்பது, பக்கவாட்டில் நடப்பது மாதிரி. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கட்டும். வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தவர்களிடம் பலன் அதிகம் தெரிந்திருக்கிறது.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். ஐந்தும் ஒரே நேரத்தில், எழுந்த உடனே என்றால், எழும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கால் வலுவுக்கான பயிற்சி மட்டும் இதைத் தீர்க்காது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் உட்கார வைத்துத்தான் பிரஷர் பார்ப்பார்கள். அம்மாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று பார்க்கச் சொல்லுங்கள். படுத்தபோது 140/80, நின்றபோது 112/70 என்றால் மேல் எண் 28 இறங்கியிருக்கிறது. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே கவனிக்க வேண்டும்.

காரணம் பிரஷர் மாத்திரையாக இருக்கலாம். பல வருட சுகரால் நரம்பு பாதிக்கப்பட்டும் இருக்கலாம். தூக்க மாத்திரையின் மயக்கம் விடியும் வரை நீடித்து இதில் சேர்ந்துகொள்ளும். மாத்திரைப் பை முழுவதையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் வேறு தொல்லை வரும். அதுவரை, விழித்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்து, கிறுகிறுப்பு இல்லை என்றால் மட்டும் எழட்டும். கொல்லைப்புறம் போகும் வழியில் இரவெல்லாம் ஒரு விளக்கு எரியட்டும்.

விழும்போது நினைவு தப்பினாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர் தலையில் அடிபட்டாலோ, விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். காலண்டரில் இனிமேல் நாளோடு மணியையும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் விடியக்காலை என்று எழுதியிருக்காவிட்டால் எனக்கும் ரத்த அழுத்தத்தின் மேல் சந்தேகம் வந்திருக்காது.